வாந்தி, மலச்சிக்கல், பேதி: மருந்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்

மருத்துவப் படிப்பு இரண்டாம் ஆண்டு, மருந்தியல் பயிற்சித் தாள். விடை ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே இருக்கிறது. கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே எழுதுங்கள். தொல்லை எங்கிருந்து கிளம்புகிறது, எந்தப் பக்கவிளைவை இந்த நோயாளி தாங்கமாட்டார் என்ற இரண்டையும் கண்டுபிடித்த பிறகே மருந்தின் பெயருக்குப் போங்கள்.

கேள்வி 1

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் 22 வயது இளைஞருக்கு வாந்தி. சென்ற முறை ஒண்டான்செட்ரான் மாத்திரை போட்டும் மூன்றாவது வளைவிலேயே வாந்தி வந்துவிட்டது. இம்முறை எதைத் தருவீர்கள்?

அ) ஒண்டான்செட்ரான், இரு மடங்கு அளவில்
ஆ) டோம்பெரிடோன்
இ) புரோமெத்தசின், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்
ஈ) அப்ரெபிடன்ட்

விடை: இ.

மலைப்பாதையில் வாந்தி காதிலிருந்து கிளம்புகிறது. உட்காதின் சமநிலை உறுப்பிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் செய்தியை ஹிஸ்டமின் முதல் வகை ஏற்பிகளும் மஸ்கரினிக் ஏற்பிகளும் கடத்துகின்றன. ஒண்டான்செட்ரான் தடுப்பது குடலிலும் வேதித்தூண்டல் மையத்திலும் உள்ள செரோட்டோனின் மூன்றாம் வகை ஏற்பியை. வழியே வேறு என்பதால் அளவைக் கூட்டினாலும் பயன் இல்லை. புரோமெத்தசின் தேவையான இரண்டு ஏற்பிகளையும் அடைக்கிறது. குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் பலன் குறைவு, ஏனென்றால் அப்போது இரைப்பை மாத்திரையைக் குடலுக்குள் அனுப்பாமல் வைத்துக்கொள்ளும். தூக்கம் வரும், வண்டி ஓட்டுபவருக்கு இந்த மாத்திரை கூடாது.

துணைக்கேள்வி: உடன் வரும் 74 வயதுத் தாத்தாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது. அதே மாத்திரையில் ஒன்றை அவருக்கும் கொடுக்கலாமா? கூடாது. மஸ்கரினிக் தடையால் சிறுநீர் முழுவதுமாக அடைத்துக்கொள்ளலாம், மனக்குழப்பமும் வரலாம். முன் இருக்கையில் உட்காரவைத்து, தொலைவில் பார்க்கச் சொல்வதே அவருக்கு நல்லது.

கேள்வி 2

காய்ச்சலும் வாந்தியுமாக வந்த 19 வயதுப் பெண்ணுக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போடப்பட்டது. மூன்று மணி நேரம் கழித்து அவருடைய கழுத்து வலப்பக்கம் திருகி நிற்கிறது, கண்கள் மேலே செருகியிருக்கின்றன, நாக்கு வெளியே துருத்துகிறது. பெயரைக் கேட்டால் குழறலாக ஆனால் சரியாகச் சொல்கிறார். பேய் பிடித்துவிட்டது என்று தாய் அழுகிறார். அடுத்த ஊசி எது?

அ) ஃபெனிட்டாயின்
ஆ) ஹாலோபெரிடால்
இ) டெட்டனஸ் எதிர்ப்புப் புரதம்
ஈ) புரோமெத்தசின்

விடை: ஈ.

பெயரைச் சொல்கிறார் என்ற வரியில்தான் விடை இருக்கிறது. நினைவு தெளிவாக இருப்பதால் இதை வலிப்பு என்று எண்ணி ஃபெனிட்டாயினுக்குப் போகக்கூடாது. மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் நுழைந்து அடித்தள நரம்புக்கணுக்களில் டோபமின் இரண்டாம் வகை ஏற்பிகளை அடைக்கிறது. டோபமின் அடங்கியதும் அசிட்டைல்கோலின் கை ஓங்குகிறது, தசைகள் முறுக்கிக்கொள்கின்றன. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் புரோமெத்தசின் தசையை விடுவிக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே கழுத்து நேராகிவிடும். ஹாலோபெரிடால் அதே டோபமின் ஏற்பியை மேலும் அடைப்பதால் நிலைமை மோசமாகும். இளம்பெண்களும் குழந்தைகளும் இந்த விளைவுக்கு எளிதில் ஆளாகிறார்கள். இதைக் கேள்வித்தாளுக்கு வெளியேயும் நினைவில் வையுங்கள்: அந்தத் தாயிடம் இது மருந்தின் வேலை, சரியாகிவிடும் என்று ஊசி ஏற்றும்போதே சொல்லுங்கள். இந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சீட்டில் எழுதியும் கொடுங்கள்.

மாதக்கணக்கில் கொடுத்தால் வாயும் நாக்கும் தானாக அசையும் காலந்தாழ்ந்த அசைவுக்கோளாறு வரும். அது நிற்காமலும் போகலாம். இதனால்தான் 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதன் பயன்பாட்டை ஐந்து நாட்களுக்குள் சுருக்கச் சொன்னது.

கேள்வி 3

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா தொடங்கிய 66 வயதுக்காரருக்குக் குமட்டல். மெட்டோகுளோபிரமைடு ஏன் கூடாது? அதே டோபமின் ஏற்பியை அடைக்கும் டோம்பெரிடோனை மட்டும் எப்படித் தரலாம்?

விடை: மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் நுழைந்து டோபமினை அடைப்பதால் நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டும். டோம்பெரிடோன் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவது மிகக் குறைவு. வேதித்தூண்டல் மையம் அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் குமட்டல் அடங்கும். நடுக்கமும் விறைப்பும் அதிகரிக்காது. பிட்யூட்டரியும் தடுப்புக்கு வெளியில் இருப்பதால் புரோலாக்டின் ஏறும், மார்பகம் வீங்கலாம்.

துணைக்கேள்வி: இரண்டு வாரம் கழித்து அவருக்குச் சளிக்காய்ச்சல், கிளாரித்ரோமைசின் எழுதப்படுகிறது. மருந்துச் சீட்டில் எங்கே கை வைப்பீர்கள்? கிளாரித்ரோமைசின், டோம்பெரிடோனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்கும். இரண்டுமே இ.சி.ஜி.யில் கியூ-டி இடைவெளியை நீட்டுபவை. சேர்ந்தால் உயிருக்கு ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறு வரலாம். ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவைதானா என்று பாருங்கள். தேவையென்றால் அமாக்சிசிலின் போன்ற ஒன்றுக்கு மாற்றுங்கள்.

கேள்வி 4

சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்ட நோயாளிக்கு ஒண்டான்செட்ரான் மட்டும் தரப்பட்டது. முதல் நாள் நன்றாக இருந்தார். மூன்றாம் நாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஏன்?

விடை: முதல் நாள் வாந்தி, குடல் செல்கள் கொட்டும் செரோட்டோனினால் வருகிறது. அடுத்த நாட்களின் வாந்தியில் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளின் பங்கு பெரிது. அதைத் தடுக்க அப்ரெபிடன்ட் வேண்டும். முதல் நாளிலிருந்தே ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், அப்ரெபிடன்ட் மூன்றும், முடிந்தால் ஓலன்சபினும் சேர்ந்திருக்க வேண்டும். அப்ரெபிடன்ட் டெக்சாமெத்தசோனின் சிதைவைக் குறைப்பதால் பின்னதன் அளவைச் சுமார் பாதியாக்குங்கள். ஒண்டான்செட்ரானுக்குத் தலைவலியும் மலச்சிக்கலும் வழக்கம்.

கேள்வி 5

எட்டு வாரக் கர்ப்பிணிக்கு மசக்கை வாந்தி, உணவுமுறை மாற்றியும் நிற்கவில்லை. முதல் தேர்வு? டாக்சிலமின், பைரிடாக்சின் கூட்டு. தூக்கம் வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி 6

கல்லீரல் சுருக்கநோய் உள்ள 52 வயதுக்காரர் நான்கு நாட்களாக மலம் கழிக்கவில்லை. பகலில் தூங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார், நீட்டிய கைகள் பறவைச் சிறகைப்போல அடித்துக்கொள்கின்றன. எந்த மலமிளக்கி, எந்த இலக்கு வரை?

விடை: லாக்டுலோஸ், நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போகும் வரை.

லாக்டுலோஸைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அமிலச் சூழலில், மூளையைக் குழப்பும் அமோனியா அமோனியம் அயனியாக மாறுகிறது. மின்னேற்றம் பெற்ற அயனி குடற்சுவரைக் கடந்து ரத்தத்துக்குத் திரும்ப முடியாமல் மலத்தோடு வெளியேறுகிறது. நீரை இழுத்து மலத்தை இளக்குவது இதன் இன்னொரு வேலை. பிசாகோடிலும் மலத்தை இறக்கும், ஆனால் அமோனியாவைப் பிடித்துவைக்காது.

வயிற்று உப்புசமும் வாயுவும் சாதாரணம். பலர் தவறும் இடம் அளவு. நாளுக்கு எட்டு முறை போனால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழாதீர்கள். நீரும் பொட்டாசியமும் இழந்தால் சிறுநீரகம் கூடுதல் அமோனியாவை உற்பத்தி செய்யும், மயக்கம் ஆழமாகும். ஆகவே எத்தனை முறை மலம் போனார் என்பதைக் கட்டிலருகே தாளில் எழுதிவைக்க வீட்டாருக்குக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி 7

எந்த மலமிளக்கியை யாருக்குத் தரக்கூடாது? பொருத்துக.

1. இசப்கோல் – அ) பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவர்
2. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு – ஆ) நாளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீரே குடிக்கும் படுக்கை நோயாளி
3. திரவ பாரபின் – இ) டயாலிசிஸ் செய்துகொள்பவர்

விடை: 1-ஆ, 2-இ, 3-அ.

இசப்கோல் உமி நீரை உறிஞ்சிப் பருக்கும். ஒரு ஸ்பூனை அரை டம்ளர் நீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், ஸ்பூன் நிற்கும் கூழாகிவிடும். நீர் போதாவிட்டால் அந்தக் கூழ் உணவுக்குழாயிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் வெளியேற்றாத மெக்னீசியம் தசை வலுவையும் இதயத் துடிப்பையும் குறைக்கும். பாரபின் மூச்சுக்குழாயில் இறங்கினால் எண்ணெய் நிமோனியா வரும்.

கேள்வி 8

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர். சென்னா, லாக்டுலோஸ் இரண்டும் பலனளிக்கவில்லை, குடலடைப்பு இல்லை. மலச்சிக்கல் தீரவேண்டும், வலி திரும்பக்கூடாது. எதைத் தருவீர்கள்?

விடை: மெத்தில்நால்ட்ரெக்சோன். நான்கிணைப்பு நைட்ரஜனின் மின்னேற்றத்தால் இது மூளைக்குள் போகாது. குடலிலுள்ள மியூ ஏற்பியை மட்டும் விடுவிக்கிறது. நாலக்சோன் ஊசி போட்டால் வலி பாய்ந்து திரும்பும். மார்ஃபின் தொடங்கும் அன்றே சென்னாவும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் நாளடைவில் குமட்டல் பழகிப்போனாலும் மலச்சிக்கல் பழகாது.

கேள்வி 9

14 மாதக் குழந்தை, எடை 9 கிலோ. நேற்றிலிருந்து நீராகப் பேதி, ரத்தம் இல்லை. கண்கள் சற்றே குழிந்திருக்கின்றன, தாகத்தோடு ஆவலாகக் குடிக்கிறது. "பேதியை நிறுத்த ஒரு மாத்திரை கொடுங்கள்" என்கிறார் பாட்டி. என்ன செய்வீர்கள்?

அ) லோபெரமைடு
ஆ) டைஃபெனாக்சிலேட், அட்ரோபின் கூட்டு
இ) ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமும்
ஈ) மெட்ரோனிடசோல்

விடை: இ.

கிலோவுக்கு 75 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் 675 மி.லி. கரைசல், ஸ்பூன் ஸ்பூனாக. துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி., 14 நாட்கள். தாய்ப்பாலும் உணவும் தொடர வேண்டும். பேதியிலும் சிறுகுடலின் சோடியம்-குளுக்கோஸ் கடத்தி கெடுவதில்லை. சர்க்கரை உள்ளே போகும்போது சோடியத்தையும், அதன் பின்னே நீரையும் இழுத்துச் செல்கிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, சிரைவழி நீர் தீர்ந்துபோனபோது திலீப் மகாலானபிஸ் டிரம்களில் கரைசலைக் கரைத்துவைத்து, உறவினர்களையே ஊட்டச்செய்து ஏராளமான உயிர்களைக் காத்தார்.

லோபெரமைடு குடலின் அசைவை நிறுத்துகிறது. நீர் அப்போதும் குடலுக்குள் சுரந்து தேங்கும். வெளியே வராததால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. சின்னக் குழந்தைக்குக் குடல் செயலிழப்பும் வரலாம். டைஃபெனாக்சிலேட் மூச்சையே அடக்கக்கூடும். அசைவைத் தொடாமல் சுரப்பை மட்டும் குறைப்பது ரேசெகாடோட்ரில், அதுவும் ஓ.ஆர்.எஸ்.ஸுக்குத் துணைதான். பாட்டியின் கையில் டம்ளரையும் ஸ்பூனையும் கொடுத்து, முதல் பத்து ஸ்பூனை உங்கள் எதிரிலேயே ஊட்டச் சொல்லுங்கள்.

கேள்வி 10

கிளிண்டமைசின் முடித்த ஒரு வாரத்தில் காய்ச்சல், வயிற்றுவலி, நாளுக்குப் பன்னிரண்டு முறை பேதி. நோயாளி தானாகவே லோபெரமைடு போட்டுக்கொள்கிறார். அஞ்சவேண்டியது எது?

விடை: நச்சுப் பெருங்குடல் வீக்கம். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலின் நச்சு வெளியேற வழியின்றித் தங்கும். அதனால் லோபெரமைடு கூடாது; காய்ச்சலோடு ரத்தப்பேதி வந்தாலும் இதே தடை பொருந்தும்.

கேள்வி 11

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 40 செ.மீ. வெட்டி எடுக்கப்பட்ட பெண்ணுக்கு, சாப்பிட்டவுடன் நீர்ப்பேதி. காலையில் தைராக்சின் எடுக்கிறார். மருந்தும் நேரமும் சொல்லுங்கள்.

விடை: கொலெஸ்டிரமின். மீண்டும் உறிஞ்சப்படாத பித்த அமிலங்கள் பெருங்குடலைத் தூண்டுவதுதான் காரணம்; இந்தப் பிசின் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. தைராக்சினையும் அது அதேபோல் பிடித்துக்கொள்ளும் என்பதால் தைராக்சினை விழுங்கி, குறைந்தது நான்கு மணி நேரம் கழித்தே கொலெஸ்டிரமினைக் கரைத்துக் குடிக்க வேண்டும்.