மேலூர்க் கால்வாயும் ஒரு பத்தியும்

(தல்லாகுளத்தில் ஒரு வீட்டு மாடி, மாலை. மாணவி எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். முல்லைப் பெரியாறு பற்றிய ஆய்வேட்டின் முதல் இயல் மேசையில் இருக்கிறது. பக்கத்தில், அவள் எடுத்தாண்ட பழைய ஆண்டுமலர்க் கட்டுரையின் ஜெராக்ஸ்.)

மாணவி: காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன், சார். 8 சதவீதம்தான் ஒத்து வந்தது. பத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்று 2018 யுஜிசி விதியிலேயே இருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பத்தி சரிதானே?

ஆசிரியர்: அது முழு ஆய்வேட்டுக்கான கணக்கு, தாயி. ஒரு பத்தி உன்னுடையதா என்று சதவீதம் சொல்லாது. முதலில் மூலத்தை வாசி.

மாணவி: "மேற்கே ஓடி அரபிக்கடலில் வீணாகக் கலந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பணி 1887-இல் தொடங்கி 1895-இல் நிறைவுற்றது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய அந்த அணை, வறண்ட வைகைக்குத் தாய்ப்பால் ஆயிற்று. பஞ்சத்தை விரட்டியது தானமல்ல, தண்ணீரே."

ஆசிரியர்: இப்போது உன்னுடையது.

மாணவி: "மேற்குத் திசையில் பாய்ந்து அரபிக்கடலில் பயனின்றிச் சேர்ந்த பெரியாற்று நீரை, மலையைத் துளைத்துக் கிழக்குப் பக்கம் திருப்பும் வேலை 1887-இல் ஆரம்பித்து 1895-இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய இந்த அணை, காய்ந்த வைகைக்குத் தாயின் பாலாக அமைந்தது. பஞ்சத்தைத் துரத்தியது தர்மமல்ல, தண்ணீர்தான்."

ஆசிரியர்: வாசிக்கும்போதே உனக்குக் கேட்டிருக்குமே.

மாணவி: ராகம் ஒன்றுதான், சார். ஆனால் ஆண்டு, சுண்ணாம்பு, சுர்க்கி இதையெல்லாம் எப்படி மாற்ற முடியும்?

ஆசிரியர்: மாற்றவே கூடாது. 1895 யாருக்கும் சொந்தமில்லை. சுர்க்கி என்பது செங்கல் பொடி. அந்தப் பெயரை மாற்றினால்தான் தப்பு. அவையெல்லாம் அப்படியே இருக்கட்டும். என் கவலை வேறு. மூன்று வாக்கியமும் அதே வரிசையில் வருகின்றன. ஒவ்வொன்றும் அவர் முடித்த இடத்திலேயே முடிகிறது. குடைந்து, துளைத்து ஆகிவிட்டது. விரட்டியது, துரத்தியது ஆகிவிட்டது. அவர் கட்டிய வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறாய்.

மாணவி: அந்தத் தாய்ப்பால்...

ஆசிரியர்: அது அவர் மனதில் உதித்த உவமை. 'தாயின் பால்' என்று பிரித்து எழுதினால் உன்னுடையது ஆகிவிடுமா?

மாணவி: ஆகாது. அடிக்குறிப்பில் அவர் பெயரைப் போட்டிருக்கிறேனே, சார்?

ஆசிரியர்: போட்டது நல்லது. ஆனால் அடிக்குறிப்பு, செய்தி எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் சொல்லும். மேற்கோள்குறி இல்லாததால் வாக்கியம் உன்னுடையது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். அதைவிட எனக்கு உறுத்துவது இந்தப் 'பயனின்றி'. அவர் 'வீணாக' என்கிறார். கடலில் சேரும் ஆறு வீணா? கேரளத்தில் அந்த ஆற்றங்கரையில் இருப்பவர் ஒப்புக்கொள்வாரா? அது அவருடைய கருத்து. சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு கருத்தை உண்மை போல விழுங்கிவிட்டாய்.

மாணவி: (சற்று நேரம் கழித்து) அதை நான் யோசிக்கவே இல்லை, சார். சொல்லுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர்: அப்படித் தேடினால் அதுதான் நடக்கும். சரி, ஜெராக்ஸைக் கவிழ்த்து வை. இந்த அணை உன் இயலுக்கு எதற்கு வேண்டும்? என்னிடம் சொல்லு.

மாணவி: எங்கள் அப்பத்தா வீடு மேலூர்ப் பக்கம். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் விட்டால்தான் அங்கே நாற்றங்காலே. அந்தத் தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்றிலிருந்து சுரங்கம் வழியாக வருகிறது. அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

ஆசிரியர்: அதையே எழுது.

(பத்து நிமிடம் எழுதுகிறாள்.)

மாணவி: "மேலூர் வட்டார வயல்களுக்குப் பெரியாற்றுக் கால்வாயில் வரும் நீர், மலைக்கு அப்பால் பிறந்த நீர். 1895-இல் கட்டி முடித்த அணை அதைத் தேக்க, சுரங்கம் ஒன்று வைகைப் பக்கம் கொண்டுவருகிறது. இந்தத் திருப்பத்தைப் பஞ்சத்துக்கான விடையாகவே காண்கிறார் ஆண்டுமலர்க் கட்டுரையாளர்: 'பஞ்சத்தை விரட்டியது தானமல்ல, தண்ணீரே.' மலைக்கு மேற்கே அந்த ஆற்றங்கரையில் இருப்பவர்கள் இதே கதையை வேறு விதமாகச் சொல்லக்கூடும்."

ஆசிரியர்: இப்போது ஜெராக்ஸைத் திருப்பிப் பக்கத்தில் வை. எது ஒட்டுகிறது?

மாணவி: ஆண்டு. அப்புறம் மேற்கோள். அதற்குக் குறி போட்டாயிற்று, அவரையும் சொல்லியாயிற்று.

ஆசிரியர்: மேற்கோளுக்கு ஜெராக்ஸில் உள்ள பக்க எண்ணையும் சேர். இந்தப் பத்தியை நான் ஏற்றுக்கொள்கிறேன். பழையதை ஏற்க மாட்டேன், சதவீதம் பூஜ்யமே வந்தாலும்.

மாணவி: அந்தப் பழைய மாதிரியில் இன்னும் நாலு பத்தி இருக்கிறது, சார்.

ஆசிரியர்: எடு, பார்ப்போம்.