பணம் எடுக்கப்பட்டும் விரிவாக்கப் பொதி கணக்கில் சேரவில்லை: முறைப்பாடு

சு. நிரோஜன்,
பாலிநகர், வவுனிக்குளம்,
முல்லைத்தீவு மாவட்டம்.
2025 நவம்பர் 3

பொறுப்பதிகாரி,
வாடிக்கையாளர் உதவிப் பிரிவு.

ஓடர் இலக்கம்: 7713-40926

வணக்கம்.

உங்கள் உதவிப் பக்கத்தின் மொழித் தெரிவில் தமிழ் இருந்ததால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் விவசாய விளையாட்டுக்கான நெல் வயல் விரிவாக்கப் பொதியை ஒக்டோபர் 18 இரவு உங்கள் சொந்த இணையக் கடையில் 14.99 டொலருக்கு வாங்கினேன். வங்கிக் கணக்கிலிருந்து 4,682 ரூபா எடுக்கப்பட்டதாக உடனேயே குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பற்றுச்சீட்டும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. பொதி மட்டும் இன்றுவரை வரவில்லை.

என் கணக்கின் கொள்வனவு வரலாற்றில் இந்த ஓடருக்கு எதிரே Completed என்று இருக்கிறது. விளையாட்டைத் திறந்து உள்ளடக்கப் பட்டியலுக்குப் போனால் அதே பொதிக்கு எதிரே Not owned என்று இருக்கிறது. கடைப் பக்கத்திலோ இன்னும் Add to cart பொத்தான் தெரிகிறது. ஏற்கெனவே வாங்கிய பொதியை உங்கள் கடை இரண்டாம் முறை விற்காது. போன வருடம் இதே கணக்கில் வாங்கிய டிராக்டர் பொதியின் பக்கத்தில் அந்தப் பொத்தான் இல்லை, அந்தப் பொதி ஒரு குறையும் இல்லாமல் வேலையும் செய்கிறது. ஆகவே நான் வேறு கணக்கில் நுழைந்திருக்கிறேன் என்றோ, என் நாட்டுக்குரிய பதிப்பு பொருந்தவில்லை என்றோ சொல்ல இடமில்லை. பணம் வாங்கும் பகுதி தன் வேலையை முடித்துவிட்டது. லைசன்ஸை என் கணக்கில் ஏற்றும் பகுதிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கோளாறு உங்கள் சேர்வரில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷொட்டோடு உங்கள் உதவிப் பிரிவுக்கு முன்பே அனுப்பினேன். வெளியேறி மீண்டும் நுழையச் சொன்னார்கள், செய்தேன். கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். கடைசியாக, விளையாட்டை முழுதாக அழித்துவிட்டுத் திரும்ப டவுன்லோட் பண்ணுங்கள் என்று எழுதிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமலே முறைப்பாட்டைத் தீர்ந்தது என மூடிவிட்டார்கள். தீராத ஒன்றைத் தீர்ந்தது என்று பதிந்ததுதான் எனக்குப் பணத்தை விடப் பெரிய மனவருத்தம்.

அந்த ஆலோசனையை நான் ஏன் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இணையம் என்பது சிம் போட்ட ரவுட்டர்தான். 50 ஜிபிக்கு மேற்பட்ட விளையாட்டைப் பகல் டேட்டாவில் இறக்கக் கட்டாது; நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவில், சிக்னல் நிற்கும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மழைக்குக் கரண்ட் போனால் அதுவும் இல்லை. முதல் தடவை அப்படி விழித்திருந்துதான் இறக்கினேன். கணக்கில் லைசன்ஸே இல்லாதபோது எத்தனை தரம் அழித்து இறக்கினாலும் பொதி திறக்காது. பயன் இல்லாத வேலைக்கு ரீலோட் காசைச் செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை.

இந்தப் பொதியைத் தம்பிக்காக வாங்கினேன். சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துக் கிடைத்த காசு. இங்கே இப்போது காலபோக விதைப்பு. அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவோடு வயலுக்குப் போகிறான். எங்கள் பக்கம் பெரும்பாலும் வீசி விதைப்புத்தான். நாற்று நடும் மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும், வரம்பு கட்டித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று உங்கள் விளம்பரக் காணொளியைப் பார்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். நெல்லை வைத்து ஒரு விளையாட்டு வருவது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை நீங்கள் அறிய வேண்டும். அதனால்தான் களவாக இறக்காமல் காசு கொடுத்து வாங்கினோம்.

என் கோரிக்கை இதுதான். மூடப்பட்ட முறைப்பாட்டைத் திரும்பத் திறந்து, மேலே உள்ள ஓடரைப் பார்த்து, லைசன்ஸை உங்கள் பக்கத்திலிருந்து கைமுறையாக என் கணக்கில் சேர்த்துவிடுங்கள். நவம்பர் 10க்கு முன் பொதியைத் திறப்போருக்குத் தருவதாகச் சொன்ன போனஸ் அறுவடை இயந்திரத்தையும் சேர்த்துத் தர வேண்டும், ஏனென்றால் தாமதம் என்னால் வந்ததல்ல. திரும்ப ஒருமுறை வாங்குங்கள், பிறகு ஒன்றுக்குப் பணம் தருகிறோம் என்ற வழி வேண்டாம். இன்னொரு 4,682 ரூபாவை முடக்கி வைக்க என்னால் முடியாது.

நவம்பர் 17க்குள் இது நடக்காவிட்டால் முழுப் பணத்தையும் அதே கார்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் கடையின் கிரெடிட்டாகத் தந்தால் ஏற்கமாட்டேன். இரண்டும் நடக்காவிட்டால், வாங்கிய பொருள் கிடைக்கவில்லை என்று என் வங்கியில் சார்ஜ்பேக் கோருவேன். அதற்காக என் கணக்கை முடக்கி, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவற்றையும் பறிக்கமாட்டீர்கள் என்பதை உங்கள் பதிலில் எழுத்தில் தாருங்கள்.

தானியங்கிப் பதில் வேண்டாம். என் ஓடரைத் திறந்து பார்த்த ஒருவர் தன் பெயரோடு பதில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
சு. நிரோஜன்

இணைப்பு: பற்றுச்சீட்டு, வங்கிக் குறுஞ்செய்தி, கொள்வனவு வரலாறு, உள்ளடக்கப் பட்டியல், கடைப் பக்கம் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷொட்டுகள்