நிதி ஏற்பாடு குறித்த விளக்கம்
(முழுநேர முனைவர் பட்ட விண்ணப்பம், சென்னைப் பல்கலைக்கழகம், தமிழ் இலக்கியத் துறை)

ஆய்வுத் தலைப்பு: குஜிலிப் பதிப்புகளில் கொலைச்சிந்துகள்

முதல் ஆண்டுச் செலவுக்கு என்னிடம் பணம் இருக்கிறது. மதுரையில் தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருந்தபோது சேர்த்த 2,10,000 ரூபாய் வங்கியில் வைப்புத்தொகையாக உள்ளது, சான்று இணைத்துள்ளேன். விடுதி, சாப்பாடு, பயணம், நகல் எல்லாம் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் வரும். அப்படியானால் ஆண்டுக்கு 1,56,000. கட்டணங்களுக்கு 24,000 ஒதுக்கியது போக மிஞ்சும் 30,000 ரூபாயை அவசரத்துக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஆய்வில் பெரிய செலவு நகல்தான். சிந்துகளில் பல எட்டுப் பக்கச் சிறு புத்தகங்கள். மலிவான தாளில் அச்சானதால் தொட்டாலே பொடியும் நிலையில் இருப்பவை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும்தான் பெரும்பாலான வேலை என்பதால், சென்னையில் தங்கினாலே பயணச் செலவு பாதி குறையும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போகும் செலவை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இங்கே இருப்பதை முழுக்கப் பார்த்து முடிக்காமல் அதைக் கேட்பது நியாயமாகாது.

இரண்டாம் ஆண்டிலிருந்து வெளி உதவித்தொகை தேவை. 2025 ஜூன் நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றேன், ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை. டிசம்பரில் மறுபடி எழுதுகிறேன். எனக்கு வயது 31. வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000, அப்புறம் 42,000 ரூபாய். பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய உதவித்தொகையையும் நாடுகிறேன். அதற்கும் நெட் மதிப்பெண்தான் அடிப்படை என்பதால், டிசம்பர் தேர்வு சறுக்கினால் இரண்டு கதவும் சேர்ந்தே மூடும். ஆகவே தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வையும் எழுதுவேன். மாதம் 25,000 ரூபாய் என்றாலும் என் கணக்குக்கு அது தாராளம்.

இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு இப்போது விண்ணப்பிக்க வழியில்லை, பதிவு உறுதியான பிறகே முடியும். மாதம் 20,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். சிந்துகளை வெறும் இலக்கியமாக மட்டுமின்றி, வழக்கு ஆவணங்களோடு வைத்துச் சமூக வரலாறாகவும் படிப்பதால் என் தலைப்பு அங்கே பொருந்தும் என நம்புகிறேன்.

ஒரே சமயத்தில் ஒரு உதவித்தொகை மட்டுமே பெறுவேன். ஒன்று கிடைத்ததும் மற்றவற்றிலிருந்து விலகித் துறைக்கு எழுத்தில் தெரிவிப்பேன்.

எதுவுமே கிடைக்காவிட்டால், இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில், விதிகள் இடம் கொடுத்தால், பகுதிநேரத்துக்கு மாற அனுமதி கேட்டுவிட்டு மறுபடி கற்பிக்கப் போவேன். அதற்குள் நகலெடுக்கும் வேலை முடிந்துவிடும்படி முதல் ஆண்டைத் திட்டமிட்டிருக்கிறேன்.