ஷர்ட் டிரெஸ், முதல் சாம்பிள்: ஃபிட்டிங்குக்குப் பிறகு பேட்டர்னில் செய்ய வேண்டிய திருத்தங்கள்

அன்புள்ள மாஸ்டர்,

வணக்கம். நேற்று ஷர்ட் டிரெஸ்ஸை மாடலுக்குப் போட்டுப் பார்த்தோம். பாவாடைப் பகுதி விழுந்த விதம் நான் வரைந்ததைவிட அழகாக இருக்கிறது. ஆறு பேனல்களிலும் நீங்கள் கொடுத்த வளைவை ஒரு நூல்கூட மாற்ற வேண்டாம். வேலை எல்லாம் மேல் பகுதியில்தான். முன், பின், பக்கம், கை தூக்கிய நிலை, உட்கார்ந்த நிலை என்று எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். ஊசி குத்திய சாம்பிளையும் பிரிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் செ.மீ.யில், தைத்து முடித்த அளவுகள். தையலுக்கு விடும் துணி இதில் சேரவில்லை.

முதலில் ஆம்ஹோலும் கையும். இதுதான் பெரிய திருத்தம். மாடல் கையைத் தூக்கினால் டிரெஸ் முழுவதும் கூடவே மேலே ஏறுகிறது, இடுப்புத் தையல் விலாவுக்குப் போய்விடுகிறது. ஆம்ஹோல் ஆழமாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்து, அக்குளில் ஒரு துண்டுத் துணியைப் பொருத்திப் பார்த்தோம். 1.5 உயர்த்தியதும் கை தாராளமாகப் போனது, பிடிக்கவும் இல்லை. எனவே முன், பின் இரண்டிலும் அக்குள் புள்ளியை 1.5 உயர்த்துங்கள். கையின் அக்குள் புள்ளியும் அதே அளவு ஏற வேண்டும். புஜச் சுற்றளவு இப்போதுள்ள 34-க்குக் கீழே போகக் கூடாது, கொஞ்சம் கூடினால் பரவாயில்லை.

கையின் மேல் வளைவு இப்போது ஆம்ஹோலைவிட 4.5 அதிகம். இந்தத் துணி நெருக்கமான நெசவு, அவ்வளவையும் சுருக்கி உள்ளே வாங்காது. தோள் நுனியில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் தெரிகின்றன (படம் 4). ஆம்ஹோல் குறையும்போது கையை அப்படியே விட்டால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். அதனால் புது ஆம்ஹோலை முதலில் முடித்து, சுற்றளவை அளந்து, அதற்கு மேல் 2.5 மட்டும் வரும்படி கையின் வளைவை வரையுங்கள்.

இன்னொன்று, கையின் பின்பக்கம் முழங்கைக்கு மேலே சாய்வான இழுப்பு இருக்கிறது. கை கொஞ்சம் முன்னால் திரும்ப வேண்டும். ஒரு பக்கக் கையைப் பிரித்து, உச்சிப் புள்ளி தோள் தையலுக்கு 0.8 முன்னால் வரும்படி ஏற்றினோம், இழுப்பு போய்விட்டது. பேட்டர்னில் இது எந்தத் திசை என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்: கை பேட்டர்னில் உள்ள தோள் நாட்ச் பின்பக்கமாக 0.8 நகரும்.

இடது கை முறுக்கிக்கொண்டு நிற்பது படத்தில் தெரியும். அதற்கும் பேட்டர்னுக்கும் சம்பந்தம் இல்லை. வெட்டும்போது துணி நூலோட்டத்திலிருந்து விலகியிருக்கிறது. வெட்டும் இடத்தில் சொல்லிவிட்டேன்.

அடுத்தது மார்பு டார்ட். டார்ட்டின் நுனி மார்புப் புள்ளிக்கு 1 தொலைவில் முடிவதால் கூர்மையாகத் தெரிகிறது. 2.5 தொலைவில் முடியட்டும். டார்ட் முழுவதையும் 1.2 கீழே இறக்குங்கள். மாற்றிய பிறகு டார்ட்டை மடித்துவைத்துப் பக்கத் தையல் கோட்டை மறுபடி வரைந்து, பின்பக்கத்தின் பக்க நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். அக்குள் உயர்வதால் இரண்டு பக்கமும் மாறும்.

முன்பக்கப் பட்டன் பட்டியில் இரண்டாவது, மூன்றாவது பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கிறது. முதலில் மார்பு இறுக்கம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் போதுமான லூஸ் இருக்கிறது. மார்பின் உயரமான இடத்தில் பட்டன் இல்லாததுதான் குறை. எனவே சுற்றளவைக் கூட்ட வேண்டாம். மார்பு மட்டத்தில் ஒரு பட்டனை முதலில் குறித்து, அங்கிருந்து மேலும் கீழும் 8 இடைவெளியில் வையுங்கள் (இப்போது 9.5). ஏதாவது ஒரு காஜா இடுப்புத் தையலுக்கு 1.5-க்குள் வந்தால் நீங்களாக நகர்த்தாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெல்ட்டின் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பின்பக்கத்தில் இரண்டு மடிப்புகள் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இடுப்புக்கு மேலே குறுக்காக நிற்கும் மடிப்பு டம்மியிலும் வருகிறது, அதனால் அது பேட்டர்னில் உள்ள அதிக நீளம். மேல் பாகத்தில் நடுப்பின்னில் 1 எடுத்து, பக்கத் தையலில் பூஜ்யமாக முடியுங்கள். நடுப்பின்னில் கோடு நேர்கோணத்தில் சேரட்டும், இல்லாவிட்டால் மடிப்பை விரித்ததும் முனை வந்துவிடும். காலருக்குக் கீழே உள்ள மடிப்பு டம்மியில் இல்லை. மாடலின் தோள் சராசரியைவிட நேராக இருப்பதால் வருகிறது. படத்தைப் பார்த்ததும் தோளை உயர்த்தத் தோன்றும், தயவுசெய்து தொட வேண்டாம். ஒருவருடைய தோளுக்காக மாற்றினால் மற்ற எல்லோருக்கும் அங்கே துணி நின்றுவிடும்.

காலரில் சின்ன வேலைதான். காலர் ஸ்டாண்ட் 3.2, மேல் காலர் 3.8 என்பதால் பின்னால் கழுத்துத் தையல் எட்டிப் பார்க்கிறது. மேல் காலரை நடுப்பின்னில் 4.2 ஆக்குங்கள். கூட்டுவது வெளி ஓரத்தில் மட்டும், முனையின் நீளமும் சாய்வும் இப்போது உள்ளபடியே இருக்கட்டும். மேல் துண்டு அடித்துண்டைவிட வெளி ஓரத்தில் 0.2 பெரிதாக இருந்தால் தையல் அடிப்பக்கமாகத் திரும்பி நிற்கும். இப்போது இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றன.

பக்கப் பாக்கெட் வாய் 14-இல் இருந்து 16, அப்புறம் மொத்தமாக 2 கீழே. கஃப், மொத்த நீளம், இடுப்புச் சுற்றளவு மூன்றும் சரி.

சுருக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த சாம்பிள் வேறு துணியில் தைத்தது. நிஜத் துணியில் 40-க்கு 40 சதுரம் வெட்டித் துவைத்துக் காயவைத்தேன். நீளத்தில் 38.8, அகலத்தில் 39.6 வந்தது, அதாவது 3%, 1%. மேலே சொன்ன திருத்தங்கள் எல்லாம் முடிந்த பிறகே இதைச் சேருங்கள். நீளத்தில் 40 வேண்டிய இடத்தில் 41.2 வெட்ட வேண்டியிருக்கும். காலருக்கும் கஃபுக்கும் உள்ளே ஒட்டும் கேன்வாஸ் எவ்வளவு சுருங்குகிறது என்று இன்னும் பார்க்கவில்லை. நாளை ஒட்டித் துவைத்துப் பார்த்து எழுதுகிறேன், அதுவரை அந்தத் துண்டுகளை மட்டும் நிறுத்திவையுங்கள்.

பழைய பேட்டர்னை அழிக்காமல் தனியாக வைத்திருங்கள். புதியதில் ஒவ்வொரு துண்டிலும் "இரண்டாம் சாம்பிள்" என்றும் தேதியும் எழுதிவிடுங்கள். மற்ற சைஸ்களுக்கு இப்போது போக வேண்டாம், அடுத்த ஃபிட்டிங் சரியான பிறகு பார்க்கலாம்.

வியாழக்கிழமை மாலைக்குள் பேட்டர்ன் கிடைத்தால் வெள்ளிக்கிழமை வெட்டி, திங்கட்கிழமை மறுபடி போட்டுப் பார்க்க முடியும். கை வேலைக்குக் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள், மாடலின் நேரத்தை மாற்றிக்கொள்கிறேன். அவசரத்தில் செய்த ஆம்ஹோலைவிட ஒரு நாள் தாமதம் எனக்குப் பெரிதில்லை.

நான் எழுதியதில் ஏதாவது உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால், முக்கியமாகக் கையைத் திருப்பிய விஷயத்தில், வெட்டுவதற்கு முன் கூப்பிடுங்கள். நாளை காலை 10 மணிக்கு மேல் மேசையிலேயே இருப்பேன்.

நன்றி மாஸ்டர்.

அன்புடன்,
கவிதா