கடையில் போனில் பணம் கட்டுவது: கோத்தகிரி அத்தைக்கும் மாமாவுக்கும் திரைப்பதிவு

[பதிவுக்கு முன்: போனில் அறிவிப்புகளை நிறுத்து. டெவலப்பர் அமைப்பில் Show taps போடு, விரல் பட்ட இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். அது மாமா கண்ணுக்குப் போதாது. எடிட்டிங்கில் அதைச் சுற்றி மஞ்சள் வளையம் வை. வளையம் முதலில் வர வேண்டும், மூன்று எண்ணிய பிறகுதான் விரல் பட வேண்டும்.]

அத்தை, மாமா, வணக்கம். பேக்கரியில் வர்க்கி வாங்கிவிட்டு அறுபது ரூபாய் கட்டப்போகிறோம். திரையில் மஞ்சள் வளையம் வரும். வளையம் இருக்கும் இடத்தை மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் நமக்கு வேண்டாம். நான் வேகமாகப் போவதாகத் தெரிந்தால் வீடியோவை நிறுத்திவிடுங்கள். அது காத்திருக்கும்.

[செயலியின் படத்தின் மேல் வளையம். மூன்று நொடி.]

இதை ஒரு முறை தொடுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம், மாமா. அழுத்திப் பிடித்தால் வேறு ஏதாவது திறக்கும்.

போனின் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கும். அத்தைக்குக் கைரேகை. தோட்டத்து வேலை முடித்த கையில் ரேகை சரியாகப் பதியாது, கழுவித் துடைத்துவிட்டு வையுங்கள்.

[ஸ்கேன் கட்டத்தின் மேல் வளையம்.]

கட்டம் கட்டமாக ஒரு படம் தெரிகிறதா? அதைத் தொட்டால் கேமரா திறக்கும். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டைக்கு நேராகப் போனைப் பிடியுங்கள். நாம் எதையும் அழுத்த வேண்டாம், அதுவே படித்துக்கொள்ளும்.

[பெயர் வந்ததும் படத்தை உறைய வை. வளையம் பெயரின் மேல். ஆறு நொடி, பேச்சில்லை.]

இங்கேதான் நிற்க வேண்டும். கடைக்காரர் பெயர் வந்திருக்கிறது. வாய்விட்டுப் படியுங்கள். வேறு பெயராகத் தெரிந்தால், "இது உங்கள் பெயர்தானா?" என்று கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று சங்கடப்பட வேண்டாம், நிற்கட்டும்.

அப்புறம் தொகை. 6, 0. மறுபடி பாருங்கள்: அறுபதா, அறுநூறா? சரி என்றால் Pay என்ற பொத்தான்.

[திரை இங்கே கறுப்பாகும். தாளில் வரைந்த எண்பலகைப் படத்தை இந்த இடத்தில் சேர்.]

பயப்படாதீர்கள், உங்கள் போன் கெடவில்லை. பின் போடும் பக்கத்தைப் பதிவு செய்யச் செயலி விடாது, அதனால் வீடியோவில் கறுப்பாகத் தெரிகிறது. உங்கள் போனில் எண்கள் தெரியும்.

இது யூபிஐ பின். ஏடிஎம் அட்டையின் பின் வேறு, போனைத் திறக்கும் எண் வேறு. இந்த மூன்றும்தான் மாமாவுக்குக் குழம்பும். யூபிஐ பின் நான்கு அல்லது ஆறு இலக்கம். உங்கள் இருவருக்கும் ஆறு. நிதானமாகப் போட்டுவிட்டு, டிக் அடையாளத்தைத் தொடுங்கள்.

பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். பணம் வருவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பின் போடுங்கள்" என்று எவர் சொன்னாலும், வங்கி ஆள் என்றே சொன்னாலும், போனை வைத்துவிடுங்கள். அத்தை, நீங்கள் மரியாதைக்காகப் பேச்சை நீட்டுவீர்கள். இந்த ஆட்களிடம் அது வேண்டாம். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், பிறகு எனக்கு.

[பச்சை டிக் அடையாளத்தின் மேல் வளையம்.]

பச்சை டிக் வந்துவிட்டது. கடையில் பெட்டி இருந்தால் தொகையைச் சத்தமாகச் சொல்லும்.

மஞ்சு இறங்கும் நாளில் நம் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. டிக் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது மறுபடி கட்டாதீர்கள். முதலில் செயலியில் வரலாறு என்ற பக்கத்தைப் பாருங்கள்.

[வரலாறு பக்கம். மேல் வரியில் வளையம். மீதி இருப்புத் தொகையை மங்கலாக்கு.]

மேலே இருப்பதுதான் கடைசியாகக் கட்டியது. 'நிலுவையில்' என்று காட்டினால் கடைக்காரரிடம் காட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பணம் நம் கணக்கில் கழிந்து கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அது தானாகத் திரும்பிவிடும். கடைக்குக் கட்டியதென்றால் ஐந்து நாள் வரை ஆகலாம். ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதி இது. அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு நூறு ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். ஆனாலும் சட்டைப்பையில் கொஞ்சம் சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள், மாமா. வர்க்கி ஆறிவிடும்.

பிரிட்ஜ் கதவில் என் க்யூஆர் தாளை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். இந்த வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, அதை ஸ்கேன் செய்து எனக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள். முதலில் அத்தை, பிறகு மாமா. மாமா அனுப்பும்போது அத்தை பக்கத்திலிருந்து விரலை நீட்டக் கூடாது.

[பதிவை நிறுத்து.]