வேளச்சேரி வீட்டை வாடகைக்கு எடுப்பது தொடர்பாக விளக்கம் வேண்டி ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
8.5.2025.

அனுப்புநர்:
மு. செல்வகுமார்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
திரு. கி. ராமநாதன் அவர்கள்,
வேளச்சேரி, சென்னை.

பொருள்: இரண்டாம் மாடி வீட்டின் அட்வான்ஸ், தண்ணீர், மின்சாரம், வீட்டு ஒழுங்குகள் குறித்து விளக்கம் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டைப் பார்க்க வந்த என் மைத்துனரிடம் தாங்கள் பொறுமையாகப் பேசி, ஒவ்வோர் அறையையும் திறந்து காட்டியதற்கு முதலில் என் நன்றி. படங்களைப் பார்த்தவரையில் வீடு எங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஜூன் முதல் வாரத்தில் சென்னை அலுவலகத்தில் சேர வேண்டும். என் மனைவி செவிலியர். பள்ளியில் படிக்கும் ஒரு மகளும், எழுபத்து மூன்று வயதான என் தந்தையும் எங்களுடன் வருகிறார்கள். தந்தைக்கு நீண்டகால நுரையீரல் கோளாறு உண்டு. அவரை ஒருமுறை வீடு மாற்றுவதே பெரும்பாடு என்பதால், சில செய்திகளை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். இதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மாத வாடகை 18,000 ரூபாய் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 1,80,000 ரூபாய் என்று மைத்துனர் சொன்னார். சென்னையில் அது நெடுநாள் வழக்கம் என்பதை அறிவேன். ஆயினும், தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்கிறது. சட்டத்தைக் காட்டி வாதாடுவது என் நோக்கமன்று. அதே சமயம் 1,80,000 ரூபாயை ஒரே தவணையில் புரட்டுவது, மகளின் பள்ளிச் சேர்க்கையும் இடமாற்றச் செலவும் சேர்ந்து வரும் இந்த மாதத்தில் எனக்கு இயலாதது. ஐந்து மாத வாடகையான 90,000 ரூபாயைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால், வீட்டைப் பேசி முடிக்கும் நாளில் 20,000 ரூபாயை டோக்கன் அட்வான்ஸாகவும், மீதியைச் சாவி வாங்கும் நாளிலும் வங்கி வழியாகவே செலுத்திவிடுவேன்.

அட்வான்ஸைத் திருப்பித் தரும் முறையும் எனக்கு அதே அளவு முக்கியம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டத்தின் விதி. அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாமா? காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் தங்களிடம் உண்டா? எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதே தொகைதானா? குடிபுகும் நாளில் சுவர், கதவு, குழாய், மின்விசிறி ஆகியவற்றை இருவருமாகப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் இருவருக்குமே மனத்தாங்கல் வராது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அதற்கான செலவைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ள நான் தயார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால், வருமான வரிக் கணக்குக்காகத் தங்கள் பான் எண்ணும் மாதாந்திர ரசீதும் எனக்குத் தேவைப்படும்.

அடுத்து தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரிலேயே பழகிய எங்களுக்குச் சென்னை குறித்துள்ள முதல் அச்சமே இதுதான். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, அங்குள்ள உறவினர்கள் நள்ளிரவில் லாரிக்குக் காத்திருந்ததை அவர்கள் வாயிலாகவே கேட்டிருக்கிறேன். தங்கள் வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் இணைப்பு உள்ளதா? இருந்தால் தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா? அது போர்வெல் தண்ணீருடன் ஒரே சம்ப்பில் கலக்கிறதா, தனித்தனியாகச் சேர்கிறதா? போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சமையலுக்கு மட்டும் கேன் வாங்கிச் சமாளித்துக்கொள்வோம். ஆனால் வாஷிங் மெஷினும் குளியலறைக் குழாய்களும் வெள்ளைப் படிவு பிடிக்கும் அளவுக்குக் கடினமான தண்ணீரா என்பதை முன்கூட்டியே அறிந்தால் நல்லது. குளியலறையில் உள்ள எவர்சில்வர் குழாயின் அடிப்பகுதி வெளுத்திருப்பதை ஒரு படத்தில் கண்டதால்தான் இதைக் கேட்கிறேன். லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் அந்தச் செலவு நான்கு வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறதா, ஆள் கணக்கிலா? மாதம் 1,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணத்தில் அது அடங்குமா?

வேளச்சேரி என்றதும் மழையைப் பற்றியும் கேட்காமல் இருக்க முடியவில்லை. 2015ஆம் ஆண்டிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது? நாங்கள் இரண்டாம் மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வராது; ஆனால் சம்ப்பின் வாய் தரைமட்டத்தில் இருந்து அதற்குள் சாக்கடை நீர் கலந்துவிட்டால் எந்த மாடியாக இருந்தாலும் ஒன்றுதான். மின் மீட்டர் பெட்டிகள் கார் நிறுத்துமிடத்தில் எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மின்சாரத்தில்தான் எனக்கு விட்டுக்கொடுக்க இயலாத ஒரு தேவை இருக்கிறது. தந்தை இரவு முழுவதும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைப் பயன்படுத்துகிறார். அது சுமார் 350 வாட் இழுக்கும் கருவி. பத்து நிமிடம் நின்றாலும் அவருக்கு மூச்சு வாங்கும். மாற்றாக ஒரு சிலிண்டர் எப்போதும் வைத்திருப்போம் என்றாலும், தினப்படி மின்தடையை அதைக் கொண்டு சமாளிக்க முடியாது. கட்டடத்தில் ஜெனரேட்டர் உள்ளதாக மைத்துனர் சொன்னார். அது லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் மட்டுமா, வீட்டுக்குள்ளும் இணைப்பு வருகிறதா? வருமானால் எந்தெந்தப் பிளக் பாயின்டுகளுக்கு? தானாக ஓடத் தொடங்குமா, யாராவது போய் இயக்க வேண்டுமா? வீட்டுக்குள் இணைப்பு இல்லையென்றால், என் சொந்தச் செலவில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பொருத்தி, உள்பக்கப் படுக்கையறைக்குத் தனி வயரிங் இழுக்கத் தாங்கள் அனுமதிக்க வேண்டும். காலி செய்யும்போது சுவரைப் பழையபடி பூசித் தருவது என் பொறுப்பு. எங்களுக்குத் தனி மீட்டர் உள்ளதா என்பதையும் தெரிவியுங்கள். ஒரே மீட்டரில் இரண்டு வீடு ஓடினால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது பகிர்ந்துபோவதோடு, யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். கட்டணத்தை மின்வாரியத்துக்கு நேரடியாகச் செலுத்தவே விரும்புகிறேன்.

வீட்டு ஒழுங்குகளைப் பொறுத்தவரை எங்களால் தங்களுக்குத் தொல்லை இராது. ஆயினும் மூன்று செய்திகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அசைவம் சமைப்பவர்கள். தங்களுக்கு அதில் தடை இருந்தால் இப்போதே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. என் மனைவிக்கு ஷிப்ட் முறையில் வேலை என்பதால் சில நாள் இரவு பத்தரைக்கு மேல் திரும்புவார். கேட்டைப் பூட்டும் நேரத்துக்குப் பிறகு எங்களிடம் ஒரு சாவி இருக்கலாமா? தந்தையைப் பார்க்க ஊரிலிருந்து என் அக்கா வந்தால் ஒரு வாரமாவது தங்குவார். மற்றபடி மொட்டைமாடியில் துணி உலர்த்துவது, இரண்டு பைக் நிறுத்துவது, சுவரில் ஆணி அடிப்பது போன்றவற்றில் தங்கள் வழக்கம் எதுவோ அதன்படி நடந்துகொள்வோம்.

மே 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் நேரில் வந்து வீட்டைப் பார்க்க எண்ணியிருக்கிறேன். அதற்கு முன் தங்கள் பதில் கிடைத்தால், எல்லாம் ஒத்துவரும் நிலையில் அன்றே டோக்கன் அட்வான்ஸைக் கொடுத்து, வைகாசியிலேயே பால் காய்ச்ச வசதியாக இருக்கும். லிஃப்ட் பழுதாகும் நாட்களில் தந்தையை நாற்காலியில் வைத்து இறக்குமளவுக்குப் படிக்கட்டு அகலமா என்பதை மட்டும் அன்று நானே அளந்து பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வகுமார்