நம் செக்குக் கடையின் எழுத்து வழிகாட்டி

காங்கேயம் கடை, பேக்கிங் கூடம், கல்லா, லேபிள் அச்சகம், ஃபிளெக்ஸ் கடை ஆகிய எல்லா இடத்துக்கும் இந்த ஒரே தாள்தான். ஏ3 அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டவும். வெளியே வேலை கொடுக்கும்போது ஒரு பிரதியைக் கூடவே கொடுத்துவிடவும்.

நம்மிடம் எண்ணெய் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிற வயதுக்காரர்கள். பாட்டிலைக் கையில் எடுத்தால் நான்கு விஷயங்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: என்ன எண்ணெய், எவ்வளவு, என்ன விலை, எப்போது ஆட்டியது. கீழே சொல்லியிருப்பது எல்லாம் இதற்காகத்தான். அழகு இதற்குப் பிறகு.

இரண்டே எழுத்துருக்கள்

எண்ணெயின் பெயருக்கும் பெரிய தலைப்புக்கும் பாலு தம்பி. ஃபான்ட் பட்டியலில் `Baloo Thambi 2` என்று இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் முக்தா மலர், அதாவது `Mukta Malar`. இரண்டிலும் தமிழோடு ஆங்கில எழுத்தும் எண்களும் உண்டு. அதனால் ஆங்கில வரிக்கென்று மூன்றாவது ஃபான்ட் எதுவும் தேவையில்லை. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திறந்த உரிமத்தில் வருகிறவை என்பதால் லேபிளிலும் பலகையிலும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை. "எங்கள் சிஸ்டத்தில் அந்த ஃபான்ட் இல்லை" என்று யாராவது சொன்னால், இறக்கிக்கொள்ளச் சொல்லவும். அதே மாதிரி இருக்கும் என்று வேறொன்றைப் போட விட வேண்டாம்.

கடையின் பெயர் மட்டும் இந்த இரண்டிலும் சேராது. அது பெயின்டர் கையால் பலகையில் எழுதியது. அதையே படமெடுத்து வைத்திருக்கிறோம். படமாக வைக்கலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஆனால் எந்த ஃபான்டிலும் தட்டச்சு செய்யக் கூடாது. அந்த 'ழ'வின் வால் எந்த ஃபான்டிலும் கிடைக்காது.

லேபிள்

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

'எண்ணெய்' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'ண்', 'ணெ' இரண்டிலும் அடுத்தடுத்துச் சுழிகள், 'ணெ'க்கு முன்னால் கொம்பின் சுழி வேறு. இந்தச் சொல்லைச் சிறிய அளவில் மிகத் தடிமனாக அச்சிட்டால் மை பரவிச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். நம் லேபிள் எல்லாவற்றிலும் இருக்கிற சொல் இது. ஆகவே 1 லிட்டர், 5 லிட்டருக்கு `Bold`, 500 மி.லி., 200 மி.லி.க்கு `SemiBold`. `ExtraBold` லேபிளில் எங்கேயும் வேண்டாம். அது ஃபிளெக்ஸுக்கு மட்டும்.

எண்ணெயின் பெயர் 5 லிட்டர் டின்னில் 60 பாயின்ட், 1 லிட்டரில் 34, 500 மி.லி.யில் 26, 200 மி.லி.யில் 20. 'தேங்காய் எண்ணெய்' நீளமான பெயர், ஒரே வரியில் அடங்காது. அதற்காக அளவைக் குறைக்க வேண்டாம், இரண்டு வரியாகப் போடலாம். 'தேங்காய்' மேலே, 'எண்ணெய்' கீழே. 'நல்லெண்ணெய்' ஒரே சொல், அதை நடுவில் உடைக்கக் கூடாது.

நிகர அளவின் எண்ணை பாயின்டில் பார்க்க வேண்டாம், ஸ்கேலை வைத்து மி.மீ.யில் அளக்கவும். 5 லிட்டரிலும் 1 லிட்டரிலும் எண்ணின் உயரம் 8 மி.மீ., 500 மி.லி.யில் 6, 200 மி.லி.யில் 4. இந்த எண்ணுக்குக் குறைந்தபட்ச உயரத்தைச் சட்டமே சொல்கிறது. நாம் அதைவிடப் பெரிதாகவே வைத்திருக்கிறோம், யாரும் குறைக்க வேண்டாம். எண்ணெய்க்கு லிட்டர் கணக்கோடு எடையும் வர வேண்டும் என்பதால் '1 லிட்டர்' என்பதற்குப் பக்கத்திலேயே '910 கிராம்' வரும். எழுத்துரு முக்தா மலர் `SemiBold`.

விலையும் 'ஆட்டிய தேதி' என்ற சொற்களும் முக்தா மலர் `SemiBold`, 14 பாயின்ட், 200 மி.லி.யில் மட்டும் 11. தேதியைக் கோடிங் இயந்திரம் அடிக்கிறது. அதன் எழுத்து நம் கையில் இல்லை, இடம் நம் கையில் இருக்கிறது. லேபிளில் அதற்கென்று 35 மி.மீ. அகலம், 12 மி.மீ. உயரத்தில் வெறும் வெள்ளைக் கட்டம் விடவும். கோடு, பூ, நிறம் எதுவும் அதற்குள் வரக் கூடாது.

பொதி செய்த பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம். நாம் ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை போடுகிறோம். இரண்டும் முக்தா மலர் `Regular`, 9 பாயின்ட். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இதே அளவுதான். 9க்குக் கீழே நம் கடையில் எதுவும் அச்சாகக் கூடாது. 200 மி.லி. லேபிளில் இடம் போதவில்லை என்று அச்சகத்திலிருந்து ஃபோன் வரும். அப்போது எழுத்தைச் சுருக்கச் சம்மதிக்க வேண்டாம். 'பாரம்பரிய முறையில் ஆட்டிய' என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதைப் படிக்காமல் எண்ணெய் வாங்கலாம், தேதியைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து. கண்ணாடி மாதிரித் தெரியும் ஸ்டிக்கர் வேண்டாம். பாட்டில் நிறைந்திருக்கும்போது படிக்க வரும், எண்ணெய் இறங்க இறங்கப் பின்னணி மாறி எழுத்து காணாமல் போகும்.

கடையில், தெருவில், திரையில்

| எங்கே | எழுத்துரு | அளவு |
|---|---|---|
| உள்ளே விலைப்பலகை, பெயர் | பாலு தம்பி `Bold` | 'ப' உயரம் 1 அங்குலம் |
| உள்ளே விலைப்பலகை, விலை | முக்தா மலர் `SemiBold` | எண் உயரம் 1½ அங்குலம் |
| வாசல் ஃபிளெக்ஸ் | பாலு தம்பி `ExtraBold` | 'ப' உயரம் 4 அங்குலத்துக்குக் குறையாமல் |
| பில், சாதாரண வரி | முக்தா மலர் `Medium` | 10 பாயின்ட் |
| பில், மொத்தத் தொகை | முக்தா மலர் `SemiBold` | 14 பாயின்ட் |
| கடிதம், விலைப்புள்ளி | முக்தா மலர் `Regular` | 11 பாயின்ட், வரிக்கு வரி 17 |
| வாட்ஸ்அப் படம், தலைப்பு | பாலு தம்பி `Bold` | 96 பிக்சல் |
| வாட்ஸ்அப் படம், மற்றவை | முக்தா மலர் `Medium` | 40 பிக்சல் |

பலகைக்குப் பாயின்ட் கணக்கு சொன்னால் ஃபிளெக்ஸ் கடையில் குழப்பம்தான் வரும். அங்கே 'ப' என்ற எழுத்தின் உயரத்தை அங்குலத்தில் சொல்லவும். மேலே கொம்பும் சுழியும் இல்லாமல், கீழே காலும் இல்லாமல் நிற்கிற எழுத்து என்பதால் அளக்கச் சுலபம். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. சாலைக்கு எதிர்ப்பக்கம் நாற்பதடி என்றால் 4 அங்குலம்.

பெயர்ப்பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும், அரசு சொல்லும் விகிதம் தமிழ் 5, ஆங்கிலம் 3. நம் பலகையில் தமிழ் 10 அங்குலம், ஆங்கிலம் 6. சுவரில் எழுதும் பெயின்டரிடம் ஃபான்டைக் காட்டி 'இதே மாதிரி' என்று கேட்க வேண்டாம். உயரத்தையும் இடத்தையும் மட்டும் சொன்னால் போதும், எழுத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

பில்லுக்கு `Regular` கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கல்லாவில் இருக்கும் தெர்மல் பிரின்டர் ஒரு மி.மீ.க்கு 8 புள்ளிதான் போடும். மெல்லிய கோடு அதில் அங்கங்கே அறுந்துவிடும்.

இணையத்தில் ஆர்டர் எடுக்கும் பக்கத்துக்கு இதை அப்படியே போடவும்:

```css
body {
  font-family: "Mukta Malar", "Noto Sans Tamil", sans-serif;
  font-size: 18px;
  line-height: 1.6;
  letter-spacing: 0;
}
```

வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும் செய்தியில் ஃபான்ட் நம் கையில் இல்லை. எண்ணெயின் பெயரையும் விலையையும் மட்டும் `*` குறிகளுக்குள் வைத்துத் தடிமனாக்கவும், செய்தி முழுவதையும் அல்ல.

எங்கேயும் செய்யக் கூடாதவை

எழுத்துகளை இழுத்து அகலப்படுத்துவதும் நெருக்கிக் குறுக்குவதும் வேண்டாம். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுப் பரப்பவும் வேண்டாம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். சாய்வெழுத்து இந்த இரண்டு ஃபான்டிலும் கிடையாது. `I` பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கும், அவ்வளவுதான். அழுத்திச் சொல்ல `SemiBold` இருக்கிறது.

வரி இடைவெளி, எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு. அதைவிட நெருங்கினால் மேல்வரி 'கு', 'ழு' வால்கள் கீழ்வரி 'கி', 'டி' சுழிகளில் போய் இடிக்கும். எண்களுக்கு 1, 2, 3 மட்டுமே. தமிழ் எண்கள் மீது எனக்கு நிறையப் பிரியம் உண்டு. ஆனால் விலையில் '௧' போட்டால் 'க' என்று படித்துவிடுவார்கள். ஆயிரத்துக்கு மேல் 1,25,000 என்று நம்மூர் முறையில் காற்புள்ளி. விலைக்கு முன்னால் ₹, இடைவெளி இல்லாமல்.

அச்சகத்துக்கு

தமிழ் முழுவதும் யூனிகோடில்தான் வர வேண்டும். பாமினியில் வேண்டாம். பாமினியில் அடித்த ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் 'எண்ணெய்' இப்படி வரும்:

```
vz;nza;
```

அவசரத்தில் இது அப்படியே அச்சாகிவிடும் ஆபத்து உண்டு. `InDesign` பயன்படுத்தினால் `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வடிவமைப்பைத் தொடங்கும் முன் இந்த வரியை ஒட்டிப் பார்க்கவும்:

எண்ணெய் கொள்ளு கோடை கௌரி பூண்டு ஸ்ரீ ₹250

எல்லாம் சரியாக வந்தால் மேலே போகலாம். 'கொ'வின் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் இருக்கிறதா, எங்காவது புள்ளிவட்டம் தெரிகிறதா என்று முக்கியமாகப் பார்க்கவும்.

கடைசி ஃபைலில் எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றி அனுப்பலாம். மாற்றாத மூல ஃபைலும் நமக்கு வேண்டும், விலை மாறும்போது அதில்தான் திருத்த முடியும். லேபிள் ஓடும் முன் ஒரு தாளை உண்மையான அளவில் எடுத்து, பாட்டிலில் சுற்றி, கல்லாவுக்கு அனுப்பவும். அம்மா அதைக் கண்ணாடி போடாமல் கையெட்டும் தூரத்தில் வைத்துப் படிப்பார். பெயர், அளவு, விலை, தேதி நான்கையும் படித்துவிட்டால் அச்சு ஓட்டலாம்.